நிழலில் அறுபது

கணக்கு ஒரு ஆளைக் காப்பாற்றும் என்று ஒரு முற்பகல் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். அந்த முற்பகலை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அழுகை வந்திருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். எரிச்சலை அப்படித் தீர்க்க முடியாது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அப்போது எனக்குத் தரப்பிரிவில் வேலை. 2011, 2012 வாக்கில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு டீச்சர் ஆகாமல் ஃபேக்டரிக்குப் போனதால் சொந்தக்காரர்களிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். “மேத்ஸ் படிச்சிட்டு இரும்பு தேய்க்கப் போறியா” என்று ஒரு சித்தப்பா கேட்டார். இரும்பு தேய்ப்பது என் வேலையில்லை, தேய்த்தது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை என்று விளக்கினேன். அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

தரப்பிரிவில் சி.எம்.எம். ரூம் என்று, பாகங்களை நுட்பமாக அளக்கும் மெஷினுக்கென ஓர் அறை இருந்தது. ஃபேக்டரியிலேயே நல்ல ஏ.சி. ஓடும் இடம் அது ஒன்றுதான். அதனால் ஏதாவது சந்தேகம் கேட்கும் சாக்கில் ஆட்கள் வந்து நின்றுவிட்டுப் போவார்கள். உள்ளே வழவழப்பான ஒரு கருங்கல் மேசையும், அதன் மேல் நகரும் ஒரு சட்டமும், சட்டத்திலிருந்து தொங்கும் ஒரு மெல்லிய குச்சியும் இருக்கும். குச்சியின் நுனியில் சிவப்புக் கல்மணி. மேசையில் வைத்த பாகத்தை அந்த மணி தொட்டுத் தொட்டு விலகும். தொட்ட புள்ளி ஒவ்வொன்றும் கம்ப்யூட்டரில் மூன்று எண்களாகப் பதிவாகும். ஒரு துளையின் உட்சுவரைச் சுற்றிப் பல இடங்களில் தொட்டால், அந்தத் துளையின் அச்சு எந்தத் திசையில் போகிறது என்பதை அது சொல்லிவிடும். ஐ, ஜே, கே என்று மூன்று எண்கள் வரும். எனக்கு அவை பழைய ஆட்கள். பிளஸ் டூவில் திசைக் கொசைன்கள் என்று படித்தவை. ஒரு கோடு எக்ஸ், ஒய், இசட் அச்சுகளோடு எந்தெந்தக் கோணத்தில் சாய்கிறதோ அந்தக் கோணங்களின் கொசைன்கள். மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் ஒன்று வரும். மெஷின்காரர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. “வெக்டர் வருது” என்பார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கதையில் அடிபட்டவர், உற்பத்திக்கான கருவிகளைச் செய்யும் டூல்ரூமில் ஃபிட்டராக இருந்த ஓர் அண்ணன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். முப்பத்தைந்தைத் தாண்டியும் கான்ட்ராக்டில்தான் இருந்தார். ஒரகடத்தில் ஒரே அறையில் ஊர்ப் பையன்களோடு தங்கியிருந்தார். மனைவியும் மகளும் ஊரில். அந்த வருடம் அவரைப் பெர்மனென்ட் செய்வதாக டூல்ரூம் இன்சார்ஜ் வாய்விட்டே சொல்லியிருந்தார். பெர்மனென்ட் ஆனதும் ஒரு வீடு பார்த்து இருவரையும் கூட்டிவந்து, மகளை இங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது என்பது அவருடைய திட்டம். டீ நேரத்தில் என்னைப் பார்த்தால் வேறு பேச்சே கிடையாது.

“தங்கச்சி, ஸ்ரீபெரும்புதூர்ல நல்ல இஸ்கூல் எது? நீ இந்த ஊர்க்காரிதான?”

“நல்லா இருக்கறதுல சீட் கெடைக்காதுண்ணா. சீட் கெடைக்கறது நல்லா இருக்காது.”

“அது கெடக்கட்டும். பஸ்ஸு வருமா, அதச் சொல்லு.”

நான் சொல்லும் பள்ளிப் பெயர்களை அவர் மனசில் போட்டுக்கொள்வார். மறுவாரம் மறுபடி கேட்பார். மறந்துபோய்க் கேட்கவில்லை. அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது.

அவர் உருவாக்கிய ஃபிக்ஸ்சர்களில் ஒன்று ஓர் இன்ஜின் பிராக்கெட்டுக்கானது. துளை போடும்போது பாகத்தைச் சரியான சாய்வில் பிடித்துக்கொள்ளும் இரும்புத் தொட்டில் என்று ஃபிக்ஸ்சரைச் சொல்லலாம். பாகம் எதில் முட்டி உட்காருமோ அந்த இரும்புக் கட்டைக்கு லொக்கேட்டர் என்று பெயர். அந்தப் பிராக்கெட்டில் இரண்டு துளைகள். இரண்டின் அச்சுகளுக்கும் நடுவே அறுபது டிகிரி இருக்க வேண்டும், அரை டிகிரிக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது டிராயிங். இதில் ஒரு சங்கதி உண்டு. இரண்டு துளைகளுமே படுக்கையாக இல்லை. ஒன்று பதினாறு டிகிரி போல மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், மற்றது பதினொன்றரை போல. அந்த அறுபது தரையில் வரைந்த அறுபது அல்ல, காற்றில் நிற்கும் அறுபது.

முதலில் செய்த பீஸ்கள் வாடிக்கையாளர் கம்பெனிக்குப் போய், இன்ஜினில் கச்சிதமாகப் பொருந்தி, ஒப்புதலோடு திரும்பின. அதில் ஒன்றுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து சி.எம்.எம். ரூம் அலமாரியில் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் மெஷினில் அந்தப் பிராக்கெட்டை அளப்பதற்கு புரோகிராம் எழுதினார்கள். எழுதினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. புதுப் பாகம் வந்தால் பழைய பாகத்தின் புரோகிராமை காப்பி எடுத்து, பெயரை மாற்றி, தொடும் இடங்களை மட்டும் திருத்துவோம். எல்லாரும் செய்ததுதான், வேலை சீக்கிரம் முடியும். அதுவரை நாங்கள் செய்த பாகங்கள் எல்லாம் தட்டையான பிளேட்டுகள். துளைகள் எல்லாம் மேசைக்கு இணையாகப் படுத்திருக்கும். அதனால் பழைய புரோகிராமில் கோணத்துக்கு ‘டூ டி’ என்று போட்டிருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் மேசையில் விழுகிற நிழல்களுக்கு நடுவே என்ன கோணமோ அதைச் சொல்லு என்று அதற்கு அர்த்தம். படுத்திருக்கிற கோடுகளுக்கு நிழலின் கோணமும் நிஜக் கோணமும் ஒன்றுதான். எழுந்து நிற்கிற கோடுகளுக்கு அப்படி இல்லை.

காப்பி எடுத்த இன்ஜினியர் அந்த ஒரு எழுத்தை மாற்றவில்லை. அவரும் மோசமான ஆள் இல்லை. அன்றைக்கு அவருக்கு இன்னும் நான்கு பாகங்கள் இருந்திருக்கும்.

ரிப்போர்ட் சிவப்பில் வந்தது. அறுபதுக்குப் பதிலாக 61.83.

நான் அப்போது உள்ளே வரும் வார்ப்புகளைப் பார்க்கிற பெஞ்சில் இருந்தேன். அதனால் இதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். இன்சார்ஜ் டூல்ரூமுக்கு வந்து அண்ணனிடம், “ஆங்கிள் கிட்டத்தட்ட ரெண்டு டிகிரி ஜாஸ்தி காட்டுது, லொக்கேட்டர கிரைண்ட் பண்ணி உள்ள தள்ளு” என்றிருக்கிறார். “மொதல்ல போன பீஸு நல்லா உக்காந்துச்சே சார்” என்று அண்ணன் கேட்டிருக்கிறார். “மெஷின் பொய் சொல்லுமா? ரிப்போர்ட் பச்சையாகணும், அவ்ளோதான்” என்று பதில் வந்திருக்கிறது. எழுத்தில் ஒரு வரி கிடையாது. எங்களிடம் எல்லாமே வாயால்தான் நடக்கும். பெர்மனென்ட் ஆகப்போகிற ஆள் இன்சார்ஜிடம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்பானா?

அவர் தேய்த்தார். அளந்தார்கள். இன்னும் கொஞ்சம் தேய்த்தார். ரிப்போர்ட் 60.00 என்று பச்சையில் வந்தது. இன்சார்ஜ் அவர் தோளில் தட்டினாராம். அதையும் அண்ணன்தான் டீ கடையில் சந்தோஷமாகச் சொன்னார்.

இரண்டு லோடு போனபிறகு வாடிக்கையாளர் லைன் நின்றது. இரண்டாவது துளையில் போல்ட் இறங்கவில்லை. அடித்து இறக்கினால் பிராக்கெட் இன்ஜினில் ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றது. லைன் நின்றால் என்ன ஆகும் என்பது அந்த வட்டாரத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். முதலில் போன் வரும், பிறகு ஆள் வரும், கடைசியில் யார் தலையாவது போகும். ஃபிக்ஸ்சர்காரன் தலை போகும் என்று மதியச் சாப்பாட்டுக்குள் கேன்டீனில் முடிவு கட்டிவிட்டார்கள். ஃபிக்ஸ்சரே தப்பாகச் செய்யப்பட்டது, முதலிலிருந்தே கோணம் கோணலாக இருந்தது, முதல் ரிப்போர்ட்டே சிவப்பாகத்தானே வந்தது என்று பேசிக்கொண்டார்கள்.

சி.எம்.எம். ரூமில் இருந்த பையன் திருமணத்துக்காக லீவில் போயிருந்ததால் மறுநாள் காலை மேனேஜர் என்னை அங்கே அனுப்பினார். திரும்பி வந்த பீஸ்களை அளக்கச் சொன்னார். ரிப்போர்ட் 60.00 என்றது. போல்ட் இறங்காத பீஸ் பச்சையில் வருகிறது. ஏதோ ஒரு பக்கம் பொய் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அலமாரியில் அந்த மஞ்சள் பீஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒழுங்காகப் பொருந்திய பீஸ் அது. இத்தனை நாளும் அதை எடுத்து மேசையில் வைத்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. எடுத்து வைத்தேன். 61.83 என்றது, சிவப்பில்.

மெஷினின் கோணத்தை விட்டுவிட்டு, அச்சுகளின் மூன்று மூன்று எண்களைத் தனியாக எடுத்தேன். தசமங்களைக் கொஞ்சம் சுருக்கிச் சொல்கிறேன். முதல் துளைக்கு 0.96, 0, 0.28. இரண்டாவதற்கு 0.4625, 0.8638, 0.2. கையால் புள்ளிப் பெருக்கல் போட்டேன். முதலாவதை முதலாவதோடு, இரண்டாவதை இரண்டாவதோடு, மூன்றாவதை மூன்றாவதோடு பெருக்கிக் கூட்ட வேண்டியதுதான். ஆனால் முதல் தடவை எனக்கு விடை கழித்தல் அரை என்று வந்தது. கழித்தல் அரை என்றால் நூற்றிருபது டிகிரி. பிறகுதான் கவனித்தேன், இரண்டாவது துளையை நான் எதிர்முனையிலிருந்து தொட ஆரம்பித்திருந்தேன். அதனால் அதன் மூன்று எண்களும் கழித்தல் குறியோடு வந்திருந்தன. நான் அவசரத்தில் குறியோடேயே பெருக்கிவிட்டேன். கோடு அதேதான், அம்பு மட்டும் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று குறிகளையும் திருப்பினேன்.

0.96 பெருக்கல் 0.4625, 0.444. நடுவில் பூச்சியம். 0.28 பெருக்கல் 0.2, 0.056. கூட்டினால் சரியாக 0.5.

ஒவ்வொரு வெக்டரின் நீளமும் ஒன்று என்பதால் வகுக்க ஒன்றுமில்லை. கொசைன் அரை என்றால் அறுபது டிகிரி. அதற்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம்.

மஞ்சள் பீஸ் அறுபது. அண்ணன் செய்த ஃபிக்ஸ்சர் ஆரம்பத்தில் அப்பழுக்கில்லாமல் இருந்திருக்கிறது. மூன்றாவது எண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு முதல் இரண்டை மட்டும் வைத்து நிழலின் கோணத்தைக் கணக்கிட்டால் 61.83 வந்தது. மெஷின் பொய் சொல்லவில்லை. நாம் நிழலைக் கேட்டோம், அது நிழலைச் சொன்னது.

திரும்பி வந்த பீஸையும் அப்படியே போட்டேன். முதல் துளை அதேதான். இரண்டாவது துளை 0.4899, 0.8485, 0.2. பெருக்கிக் கூட்டினால் 0.5263. கோணம் 58.24. நிழலில் கச்சிதமாக அறுபது, நிஜத்தில் ஒன்றே முக்கால் டிகிரி குறைவு. இதற்கு எப்படி போல்ட் இறங்கும்?

என்னால் உட்கார முடியவில்லை. டூல்ரூமுக்கு ஓடினேன். அண்ணன் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் புரிய வேண்டுமே என்று இரண்டு வெல்டிங் கம்பிகளை எடுத்து, நுனிகளை ஒன்றாகச் சேர்த்து, ட்யூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தேன். கம்பிகளை அசைக்காமல் பெஞ்சில் விழுந்த நிழலைப் பார்க்கச் சொன்னேன். பிறகு நடுவில் இருக்கிற கோணத்தை மாற்றாமலே ஒரு கம்பியைச் சற்றுத் தூக்கிக் காட்டினேன். நிழல் மட்டும் விரிந்தது.

“நீ செஞ்சது கரெக்ட்டுண்ணா. மொதல்லேர்ந்தே கரெக்ட்டு. இவங்க நெழல அளந்துகினு இருந்திருக்காங்க.”

அவர் கம்பிகளை வாங்கித் தானும் ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். “அப்ப நான் தேச்சது?”

“அதான் தப்பாப் போச்சு. ஆனா நீயாவா தேச்ச? தேய்க்கச் சொன்னாங்க, தேச்ச.”

“கணக்கு சரியா வருமா தங்கச்சி? அவுகட்ட சொன்னா ஒத்துக்கிடுவாகளா?”

“ஒத்துக்காம எங்க போவாங்க? இது கணக்குண்ணா.”

இப்படிச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. சித்தப்பா பக்கத்தில் இருந்து கேட்டிருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

மதியத்துக்கு முன்பே மீட்டிங். மேனேஜர், டூல்ரூம் இன்சார்ஜ், புரோகிராம் போட்ட இன்ஜினியர், வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒருவர். அண்ணனைக் கதவுக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருந்தார்கள். போர்டில் இரண்டு பீஸ்களின் எண்களையும் எழுதினேன். பெருக்கினேன், கூட்டினேன். மஞ்சள் பீஸ் அறுபது, திரும்பி வந்த பீஸ் 58.24 என்று அடிக்கோடு போட்டேன். வாடிக்கையாளர் ஆள் தன் போனில் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவருடைய ஆய்வகத்திலும் திரும்பி வந்த பீஸுக்கு அதே எண்தான் வந்திருந்தது. புரோகிராம் போட்ட இன்ஜினியர் எழுந்து, “சாரி சார், டூ டி-ல இருந்துச்சு, த்ரீ டி மாத்திடறேன்” என்றார். அந்தத் திருத்தம் அந்த நிமிடமே முடிந்துபோனது. ஒருவரும் அவரைத் திட்டவில்லை.

“சோ, ஃபிக்ஸ்சர் ஒரிஜினலா ஓகே” என்றார் மேனேஜர்.

“ஆமா சார், ஹன்ட்ரட் பர்சென்ட் ஓகே” என்றேன். கதவுப் பக்கம் திரும்பி அண்ணனைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் லேசாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

வாடிக்கையாளர் ஆள் போனை மேசையில் வைத்தார். பொறுமையான மனுஷர், குரலே உயரவில்லை.

“குட். அப்போ ஒரு கேள்வி. நாங்க அப்ரூவ் பண்ண, கரெக்ட்டா இருந்த ஒரு ஃபிக்ஸ்சர எங்க பர்மிஷன் இல்லாம யாரு மாத்தினது?”

நான் இன்சார்ஜைப் பார்த்தேன். அவர் போர்டில் இருந்த என் எண்களை ஏதோ அப்போதுதான் படிப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான் சார் தேச்சேன்” என்றார் அண்ணன், கதவுக்குப் பக்கத்திலிருந்து.

“யாரு சொல்லி?”

அண்ணன் இன்சார்ஜைப் பார்த்தார். இன்சார்ஜ் நிதானமாக, “ஆங்கிள் செக் பண்ணச் சொன்னேன் சார். கிரைண்ட் பண்ணச் சொன்னதா ஞாபகம் இல்ல. டாக்குமெண்ட் ஏதாவது இருக்கா?” என்றார். டாக்குமெண்ட் எங்கிருந்து வரும்?

“சார், ரிப்போர்ட் சிவப்பா வந்ததால...” என்று நான் ஆரம்பித்தேன்.

“மேடம், உங்க கால்குலேஷன் வெரி கிளியர்” என்றார் வாடிக்கையாளர் ஆள். “ஃபிக்ஸ்சர் கரெக்ட்டா இருந்ததுன்னு நீங்களே ப்ரூவ் பண்ணிட்டீங்க. அது தானா மாறாது.”

அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. ஃபிக்ஸ்சர் முதலிலிருந்தே கோணல் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருந்த வரை, அண்ணன் தெரியாமல் தப்புச் செய்த ஆள். திட்டியிருப்பார்கள், பெர்மனென்டைத் தள்ளிப்போட்டிருப்பார்கள், திரும்பச் செய்யச் சொல்லியிருப்பார்கள். முதலில் சரியாக இருந்தது என்று நான் காட்டியபிறகு அவர் நல்லதைக் கெடுத்த ஆள் ஆகிவிட்டார். அனுமதியில்லாமல் மாற்றியது என்பதற்கு அந்த வட்டாரத்தில் மன்னிப்பு கிடையாது. காரணம் என்று எழுத வேண்டிய இடத்தில் அதையே எழுதி, தீர்வு என்ற இடத்தில் சம்பந்தப்பட்ட ஆள் நீக்கப்பட்டார் என்று எழுதி அனுப்பினார்கள். கூடவே என் கணக்கையும் இணைத்தார்கள். நன்றாக டைப் செய்து, கட்டம் போட்டு.

மாலை ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது, கேட்டுக்கு எதிரே சிங்கப்பெருமாள் கோவில் போகும் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் அண்ணன் ஒரு பையோடு நின்றிருந்தார். ரயிலைப் பிடித்து அப்படியே ஊருக்குப் போவதாகச் சொன்னார். ஒரு வாரம் இருந்து வேறு கம்பெனியில் பார்க்கலாமே என்றேன். பார்க்கலாம் என்றார். நீக்கியதாக ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எல்லா டூல்ரூமுக்கும் அது முன்னால் போய்ச் சேர்ந்துவிடும் என்று இருவருக்கும் தெரியும்.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இன்சார்ஜைத் திட்டியிருப்பேன், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் அதெல்லாம் செய்யவில்லை. ஆட்டோ வந்து, ஆட்கள் ஏறி, டிரைவர் இன்னும் ஒரு ஆள், ஒரு ஆள் என்று கூவினான். அண்ணன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்.

“தங்கச்சி, நான் மொத மொத செஞ்சது அறுவதுதான?”

“அறுவதுதாண்ணா.”

“கரெக்ட்டா?”

“கரெக்ட்டா அறுவது.”

அவர் தலையாட்டிக்கொண்டார். ஆட்டோ கிளம்பிவிட்டது. பள்ளிக்கூடம் பற்றி அவர் அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை.